சூடா, கோல்டா, ஆரமைனா: சளி ஸ்லைடுக்கு எந்தச் சாயம்?

வில்லிவாக்கம் பக்கம் புதிதாக லேப் திறந்திருக்கும் ஒரு தம்பி போன வாரம் போன் செய்தான். "அக்கா, டிபி பார்க்கிற ஏ.எஃப்.பி. ஸ்லைடுக்கு கோல்ட் ஸ்டெய்ன் கிட் வாங்கலாமா, இல்ல பழையபடி சூடு பண்ணியே ஓட்டலாமா? எல்.இ.டி. மைக்ரோஸ்கோப் ஒண்ணு வேற தள்ளுபடியில வருது, அதை எடுத்துட்டு ஆரமைனுக்கே போயிடலாமா?" இதே கேள்வியை டி.எம்.எல்.டி. படிக்கிற பிள்ளைகளும் கேட்கிறார்கள், பத்து வருஷம் சளி ஸ்லைடு பார்த்தவர்களும் கேட்கிறார்கள். போனில் சொல்லி முடியாத விஷயம் என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

டிபி கண்டுபிடிக்க இப்போது ட்ரூநாட், ஜீன்எக்ஸ்பர்ட் எல்லாம் இருக்கும்போது ஸ்லைடு எதற்கு என்று கேட்பீர்கள். முதல் கண்டுபிடிப்புக்கு அவைதான் சரி, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் அவை எடுத்துக் காட்டும். மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சளியில் கிருமி குறைகிறதா என்று பின்தொடர ஸ்லைடு இன்னும் தேவைப்படுகிறது. அதனால் கேள்வி உயிரோடுதான் இருக்கிறது.

## முதலில் அந்தச் சுவர்

எந்த முறை என்று முடிவெடுக்கும் முன், சாதாரண சாயம் இந்தக் கிருமியிடம் ஏன் தோற்கிறது என்று தெரிந்தாக வேண்டும். இது புரியாமல் கிட் வாங்கினால் விற்பனைக்காரர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

மற்ற பாக்டீரியாக்களைப் போலவே மைக்கோபாக்டீரியத்துக்கும் பெப்டிடோகிளைக்கன் என்ற வலை உண்டு. அதன்மேல் அரபினோகேலக்டன் என்ற சர்க்கரைச் சங்கிலி. அந்தச் சர்க்கரையின் நுனிகளில் வேதிப்பிணைப்பாகவே மைக்கோலிக் அமிலங்கள் கோத்திருக்கின்றன, மேலே சும்மா பூசி வைத்தது இல்லை. நாம் சமையலுக்கு ஊற்றும் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலத்துக்குப் பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன். மைக்கோலிக் அமிலத்துக்கு 60 முதல் 90 வரை. இவ்வளவு நீளமான சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கி நின்றால் அது மெழுகுதான். கிராம் ஸ்டெய்னில் போடும் கிரிஸ்டல் வயலெட் தண்ணீரில் கரைந்து வருகிற, மின்னேற்றம் உள்ள சாயம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தட்டில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதுபோல அது இந்தச் சுவரில் ஒட்டாமல் போய்விடும். கிராம் ஸ்லைடில் டிபி கிருமி ஒன்று மணி கோத்ததுபோல விட்டுவிட்டு நிறம் ஏறித் தெரியும், இல்லையென்றால் பின்னணியில் நிறமே இல்லாத ஒரு கோடாக, சாயத்தில் விழுந்த ஓட்டை மாதிரி தெரியும்.

சாயத்தை உள்ளே ஏற்ற இரண்டு வழி. ஒன்று, மெழுகில் கரையக்கூடிய ஒரு துணை: ஃபீனால். ஃபுக்சின் தண்ணீரைவிட ஃபீனாலில் நன்றாகக் கரையும், ஃபீனால் கொழுப்புக்குள் நுழையும், அது கைப்பிடித்துச் சாயத்தையும் கூட்டிப் போகும். இன்னொன்று சூடு. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒன்றும் வராது, கொஞ்சம் வெந்நீரில் நிறுத்தினால் வழிகிறது இல்லையா, அதே கதைதான் இங்கேயும்.

உள்ளே போன சாயம், மேலே அமிலம் ஊற்றிக் கழுவினாலும் ஏன் வெளியே வருவதில்லை என்பது அடுத்த பாதி. சுவர் முழுதாக இருக்கும்வரை அமிலம் உள்ளே புகுந்து சாயத்தை உருவிக்கொண்டு வர முடியாது. மைக்கோலிக் அமிலமும் சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது. கிருமியை அரைத்து உடைத்துவிட்டால் அமிலம் தாங்கும் குணம் போய்விடுகிறது. டிபிக்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மைக்கோலிக் அமிலத் தயாரிப்பைத்தான் நிறுத்துகிறது, அந்த மருந்துபட்ட கிருமிகளும் இந்தக் குணத்தை இழக்கின்றன. ஆக, நாம் பார்க்கிற சிவப்பு, சுவர் சேதமில்லாமல் நிற்கிறது என்பதற்கான அடையாளம்.

## எதை வைத்து எடை போடுவது

மூன்றே மூன்று அளவுகோல் போதும் என்பது என் எண்ணம். கிருமி குறைவாக இருக்கும் ஸ்லைடிலும் சாயம் உள்ளே போகிறதா. ஒரு ஸ்லைடில் எவ்வளவு இடத்தை எவ்வளவு நேரத்தில் பார்க்க முடிகிறது. தப்பு நடந்தால் அது நடந்தது நமக்குத் தெரியவருமா. விலை நான்காவது என்று சொல்வார்கள், ஆனால் விலையை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன, அது போகப்போகப் புரியும்.

| | சூடான சீல்-நீல்சன் | கோல்ட் (கின்யூன்) | ஆரமைன் |
|---|---|---|---|
| சுவரைத் திறப்பது | ஃபீனால், சூடு | கூடுதல் ஃபீனால், கூடுதல் ஃபுக்சின் | ஃபீனால், நீண்ட நேரம் |
| சாயம் நிற்கும் நேரம் | 5 நிமிடம் | கிட்டைப் பொறுத்து 5 முதல் 10 நிமிடம் | 20 நிமிடம் |
| நிறம் நீக்க | 25% கந்தக அமிலம், 2 முதல் 4 நிமிடம் | அமில ஆல்கஹால் | 0.5% அமில ஆல்கஹால், 3 நிமிடத்துக்குள் |
| பின்னணி | 0.1% மெத்திலீன் ப்ளூ, அரை நிமிடம் | மெத்திலீன் ப்ளூ | 0.5% பொட்டாசியம் பெர்மாங்கனேட், 1 நிமிடம் |
| லென்ஸ் | 100x ஆயில் | 100x ஆயில் | 20x, சந்தேகத்துக்கு 40x |

## சூடான முறை: சீல்-நீல்சன்

1882இல் கோக் டிபி கிருமியை அறிவித்த அதே வருஷம் எர்லிக் அது அமிலத்துக்கு மசியாததைக் கண்டார், சீல் சாயத்தோடு கார்பாலிக் அமிலத்தை, அதாவது ஃபீனாலைச் சேர்த்தார், மறு வருஷம் நீல்சன் அதை ஃபுக்சினோடு இணைத்தார். நூற்றி நாற்பது வருஷமாகியும் அடிப்படை மாறவில்லை.

ஸ்லைடை ஸ்டாண்டில் வைத்து 1% கார்பால் ஃபுக்சினை நிரம்ப ஊற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கம்பியில் சுற்றிக் கொளுத்தி அடியில் மெதுவாக ஓட்ட வேண்டும். ஆவி வெள்ளையாக எழும்பும்போது நெருப்பை எடுத்துவிட வேண்டும். குமிழி வந்தால் கொதித்துவிட்டது என்று அர்த்தம், அந்த ஸ்லைடில் ஸ்மியர் பெயர்ந்து வரவும் வாய்ப்பு உண்டு. ஐந்து நிமிடத்துக்குள் ஓரம் காய்ந்து பச்சை மினுமினுப்பு தட்டினால், காய்ந்த சாயம் படிகமாகி நின்று, பார்ப்பவரைக் குழப்பும் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். காயும் முன்பே கொஞ்சம் சாயம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த முறையின் மறைமுகச் செலவு சென்னைக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். சுடர் ஆடக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஃபீனால் ஆவி வெளியே போக ஜன்னலைத் திறக்க வேண்டும், அதனால் ஏ.சி.யும் கிடையாது. மே மாதம் பன்னிரண்டு மணிக்குப் பத்து ஸ்லைடு சூடு செய்து பாருங்கள். வியர்வை கண்ணில் இறங்கும்போது ஐந்து நிமிடம் என்பது மூன்றாகிவிடும், யாரும் குறித்து வைக்கமாட்டார்கள்.

இரண்டாவது செலவு ஃபுக்சின் பொடியின் தரம். பாட்டிலில் சாய அளவு 85% என்று போட்டிருந்தால், ஒரு லிட்டர் கரைசலுக்கு 10 கிராம் நிறுத்தால் பத்தாது. 10ஐ 0.85ஆல் வகுத்து, 11.8 கிராம் நிறுக்க வேண்டும். இதைச் செய்யாத லேப்களில் கிருமிகள் வெளிர் ரோஜா நிறத்தில் தெரியும், டெக்னீசியன் மைக்ரோஸ்கோப் பல்பைத் திட்டுவார்.

மூன்றாவது தண்ணீர். கழுவும் தண்ணீரிலும் குழாயிலும் தொட்டியிலும் வேறு மைக்கோபாக்டீரியங்கள் வாழ்கின்றன, அவற்றுக்கும் அதே மெழுகுச் சுவர், அதே சிவப்பு. ஒரே நாளில் பத்தில் நாலு ஸ்லைடு திடீரென்று ஒன்றிரண்டு கிருமி காட்டினால் நோயாளிகளைச் சந்தேகப்படும் முன் மாடித் தொட்டியைச் சந்தேகப்படுங்கள். சாயம் கலக்கக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான், அதில் பேரமே இல்லை.

தினமும் சில ஸ்லைடுதான் வருகிறது, சாதாரண மைக்ரோஸ்கோப்தான் இருக்கிறது, சூடு செய்ய ஒரு மூலை கிடைக்கும் என்றால் இதுதான் பொருத்தம். அமிலத்தை மாற்றி மற்றவற்றுக்கும் பயன்படுத்தலாம் என்பது கூடுதல் வசதி: தொழுநோய்க் கிருமிக்கு 5%, நோகார்டியாவுக்கு 1% கந்தக அமிலம். அவற்றின் பிடி டிபி அளவுக்கு உறுதி இல்லை, 25% ஊற்றினால் சாயம் முழுக்கக் கழன்றுவிடும்.

## கோல்ட் முறை

1915இல் கின்யூன் சூட்டை எடுத்துவிட்டு ஃபுக்சினையும் ஃபீனாலையும் கூட்டினார். காகிதத்தில் அழகாக இருக்கிறது: நெருப்பு இல்லை, ஆவி இல்லை, விசிறி ஓடலாம். கிட் விற்பவரும் இதைத்தான் சொல்வார்.

என் அனுபவம் வேறு. முன்பு வேலை பார்த்த ஒரு லேபில் ஸ்பிரிட் தீர்ந்துபோன ஒரு வாரம் கோல்ட் கிட்டில் ஓட்டினோம். தினமும் ஒரு கன்ட்ரோல் ஸ்லைடு போட்டோம், அது அழகாகச் சிவந்தது, நாங்களும் நிம்மதியாக இருந்தோம். வாரக் கடைசியில் ஸ்பிரிட் வந்ததும், ஏதோ உறுத்தி, அந்த வாரத்தில் நெகட்டிவ் கொடுத்த சளிகளில் ஃப்ரிட்ஜில் மீதி இருந்தவற்றில் புது ஸ்மியர் போட்டுச் சூடு செய்து பார்த்தேன். ஒன்றில் நூறு ஃபீல்டில் ஆறு கிருமி. கன்ட்ரோல் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அது 3+ ஸ்லைடு. ஒவ்வொரு ஃபீல்டிலும் பத்துக்கு மேல் கிருமி உள்ள ஸ்லைடில் பாதிக் கிருமி சாயம் ஏறாமல் போனாலும் அது பாசிட்டிவாகத்தான் தெரியும். ஆறு கிருமி உள்ள ஸ்லைடில் பாதி போனால் மூன்று, அதுவும் வெளிறிப்போய் நீலத்துக்குள் ஒளிந்திருக்கும். புது ஸ்மியர் என்பதால் வித்தியாசம் முழுக்கச் சாயத்தால்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து எந்த முறையாக இருந்தாலும் 1+ அல்லது அதற்கும் குறைந்த கன்ட்ரோல் இல்லாமல் நான் கிட்டை நம்புவதில்லை.

சளிக்குக் கோல்ட் முறையைச் சிபாரிசு செய்யமாட்டேன். அறைச் சூட்டில் மெழுகு இளகுவதில்லை, ஃபீனாலை மட்டும் நம்பி நிற்கிறோம், சாய நேரத்தில் இரண்டு நிமிடம் குறைந்தாலும் விழுவது கிருமி குறைந்த ஸ்லைடுகள்தான். ஏ.சி. அறையில் இன்னும் மோசம். கன்ட்ரோலும் காட்டிக்கொடுக்காவிட்டால் மூன்றாவது அளவுகோலில் முழுத் தோல்வி. மலத்தில் கிரிப்டோஸ்போரிடியம் தேட, 1% கந்தக அமிலத்தோடு மாற்றிய கோல்ட் முறை நன்றாக வேலை செய்கிறது, அதற்கு வாங்குங்கள். கல்லூரி செய்முறை வகுப்பிலும் நாற்பது பிள்ளைகள் கையில் நெருப்பு கொடுக்காமல் இருக்க உதவும்.

## ஆரமைன்: கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஆரமைனும் ஃபீனால் துணையோடு அதே மெழுகுச் சுவருக்குள்தான் போகிறது, சூடு இல்லாமல், ஆனால் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு. அமிலம் இங்கே மிக மென்மையானது. நீல ஒளி பட்டால் கிருமி மஞ்சள் பச்சையாக ஒளிரும், பெர்மாங்கனேட் பின்னணியை இருட்டாக்கும். "அப்போ இதுவும் கோல்ட்தானே?" என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். வித்தியாசம் பார்க்கும் முறையில் இருக்கிறது. இருட்டில் ஒளிரும் புள்ளியைக் கண்டுபிடிக்க அதிகச் சாயம் தேவையில்லை, 100x லென்ஸும் தேவையில்லை.

இதைத்தான் எண்ணாகப் பார்க்கலாம். என் ஐபீஸில் 100x ஆயில் லென்ஸ் காட்டும் வட்டத்தின் விட்டம் 0.2 மிமீ. 20x லென்ஸில் அது 1 மிமீ. விட்டம் ஐந்து மடங்கு என்றால் பரப்பு இருபத்தைந்து மடங்கு. ஸ்மியர் 2 செமீ நீளம், 1 செமீ அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிலில் நீளவாக்கில் ஒரு வரி ஓட்டினால் 100 ஃபீல்டு, அதுதான் நெகட்டிவ் சொல்லத் தேவையான எண்ணிக்கை, அதில் நாம் பார்ப்பது மொத்தப் பரப்பில் 1.6% மட்டும். 20x-இல் அதே ஒரு வரி 20 ஃபீல்டு, கிட்டத்தட்ட 8%.

இப்போது ஒரு நோயாளியின் சளியில் மில்லிக்கு 5,000 கிருமி என்போம், ஸ்மியர் கண்டுபிடிக்கும் எல்லையில் நிற்கிற அளவு. ஸ்லைடில் ஏறுவது சுமார் 0.01 மில்லி, அதாவது 50 கிருமி. ஆயிலில் ஒரு வரியில் சராசரியாக 0.8 கிருமி சிக்கும். சாயம் குறையில்லாமல் ஏறியிருந்தாலும், கிருமிகள் சீராகப் பரவியிருந்தாலும்கூட, ஒன்றுமே கண்ணில் படாமல் போக 45% வாய்ப்பு. ஆரமைனில் அதே வரியில் சராசரி 4, ஒன்றும் படாமல் போக வெறும் 2% வாய்ப்பு. நிஜத்தில் லாபம் இவ்வளவு இருக்காது, ஏனென்றால் பெரும்பாலான பாசிட்டிவ் சளியில் கிருமி இதைவிடப் பல மடங்கு, அவற்றை எந்த முறையும் பிடித்துவிடும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஒளிரும் முறை சராசரியாக 10% கூடுதல் உணர்திறன் காட்டியிருக்கிறது. நேரமும் அப்படியே: ஆயிலில் ஒரு நெகட்டிவ் ஸ்லைடுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல், இதில் இரண்டு நிமிடம்.

மறைமுகச் செலவு இதற்கும் உண்டு. ஒளிர்கிறதெல்லாம் கிருமி இல்லை. தூசி, நார், உணவுத் துணுக்கு எல்லாமே மின்னும். 20x-இல் பார்த்ததை 40x-இல் மாற்றி, மெலிந்த, லேசாக வளைந்த குச்சி வடிவம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே எண்ண வேண்டும். ஆயில் லென்ஸில் பழகிய கண்ணுக்கு இது வர சில வாரங்கள் ஆகும், அந்த வாரங்களில் பொய் பாசிட்டிவ் வரும், அதையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள். பெர்மாங்கனேட் ஒரு நிமிடம் தாண்டினால் கிருமியின் ஒளியையும் சேர்த்து அணைத்துவிடும். ஒளி மங்கவும் செய்யும், ஸ்லைடை ஜன்னலோரம் வைக்காமல் இருட்டுப் பெட்டியில் போட்டு அன்றோ மறுநாளோ பார்த்துவிட வேண்டும். சூடான முறை ஸ்லைடு இதைவிடத் தாங்கும், ஆனால் நம்ம ஊர் புழுக்கத்தில் அதுவும் மாதக்கணக்கில் வெளிறும். மறுபரிசோதனைக்கு எடுத்து வைத்த ஸ்லைடு வெறும் நீலமாகக் கிடந்தால் முதலில் மறுபடி சாயம் ஏற்றிப் பாருங்கள், அப்புறம் சண்டை போடலாம்.

ஒரு நல்ல விஷயம்: ஆரமைனில் சந்தேகமான ஸ்லைடின் மேலேயே சூடான முறையைப் போட்டு உறுதி செய்துகொள்ளலாம். திரும்பி வருவதற்கு வழியில்லை, ஃபுக்சின் போட்டதை ஆரமைனுக்குக் கொண்டுவர முடியாது.

தினம் பதினைந்து இருபது ஸ்லைடுக்கு மேல், ஒரே ஆள் என்றால் ஆரமைன்தான், யோசிக்கவே வேண்டாம். முன்பு பாதரச விளக்கு இருநூறு முந்நூறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், இருட்டறையும் வேண்டும். எல்.இ.டி. வந்த பிறகு பல்லாயிரம் மணி நேரம் ஓடுகிறது, அறையைக் கொஞ்சம் மங்கலாக்கினால் போதும்.

## வில்லிவாக்கம் தம்பிக்கு

அவனிடம் ஒரு நாளைக்கு ஐந்தாறு ஸ்லைடு, ஒரு உதவியாளர், பின்பக்கம் ஒரு திறந்த வராண்டா. அந்த எல்.இ.டி. மைக்ரோஸ்கோப்பின் விளம்பரப் படத்தை அனுப்பச் சொன்னேன். ஆரமைனுக்குச் சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளியும், ஐபீஸுக்குள் அந்த நீலத்தைத் தடுக்கிற ஃபில்டரும் வேண்டும். படத்தில் இருந்தது, பழைய ஹாலஜன் பல்புக்குப் பதில் வெள்ளை எல்.இ.டி. போட்ட சாதாரண மைக்ரோஸ்கோப். அதில் ஆரமைன் ஸ்லைடை வைத்தால் ஒன்றுமே ஒளிராது, எல்லா நோயாளியும் நெகட்டிவ்.

"அப்போ என்னக்கா வாங்கட்டும்?"

மைக்ரோஸ்கோப் நல்லதுதான், தள்ளுபடிக்கு எடுத்துக்கொள், ஆயில் லென்ஸ் இருக்கிறதா என்று மட்டும் பார் என்றேன். அதோடு ஒரு லிட்டர் ஸ்பிரிட், பஞ்சு, சாய அளவு லேபிளில் போட்ட ஃபுக்சின். வராண்டாவில் காற்று அடிக்கிற பக்கம் ஒரு தகரம் வைத்துச் சுடருக்கு மறைப்புக் கட்டச் சொல்லியிருக்கிறேன், 1+ கன்ட்ரோல் ஸ்லைடு நாலைந்து நானே போட்டுக் கொடுக்கிறேன்.